டிரம்மைக் கொட்டினார்கள், தேய்க்கவில்லை: ஒரு துண்டறிக்கையின் வாக்கிய ஓட்டம்

மழைக்காலத்துக்கு முன்பு வீடு வீடாகக் கொடுப்பதற்காக, டெங்கு பற்றிய ஒரு துண்டறிக்கை மெய்ப்புத் திருத்த என்னிடம் வந்தது. எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை ஒன்றிரண்டுதான். தகவல்களும் சரி. திருத்திக் கொடுத்தேன், அச்சானது. இரண்டு வாரம் கழித்து, அதைக் கொடுத்துவந்த களப்பணியாளர்களோடு ஒரு தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அந்த வீட்டு அம்மா துண்டறிக்கையைப் படித்திருந்தார், கதவில்கூட ஒட்டிவைத்திருந்தார். டிரம்மைப் பார்த்துவிட்டு, "தேய்ச்சுக் கழுவினீங்களாம்மா?" என்று பணியாளர் கேட்டார். "எதுக்குத் தேய்க்கணும்? அதான் வாரா வாரம் தண்ணியக் கொட்டிடுறோமே" என்றார்.

தேய்க்க வேண்டும் என்று துண்டறிக்கையில் எழுதியிருந்தது. அதைப் படித்தவருக்கு அது போய்ச் சேரவில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பதில்தான் கிடைத்தது. குறை படித்தவர்களிடம் இல்லை என்று அப்போதே தோன்றியது. வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை மறுபடி எடுத்துப் படித்தேன்.

அச்சான பத்தி

தலைப்பு "தண்ணீர் தேங்க விடாதீர்கள்". அதன் கீழே இப்படி:

"டெங்கு காய்ச்சலை ஏடிஸ் வகைக் கொசு பரப்புகிறது. மேலும், நம் வீட்டுத் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுவது இந்தக் கொசுதான். அதோடு, 8 மாதம் வரை தண்ணீர் இல்லாமலேயே தாக்குப்பிடிக்கும் ஆற்றலும் இதன் முட்டைகளுக்கு உண்டு. எனினும், 7 முதல் 10 நாட்களில் கொசு உருவாவது, மறுபடியும் தண்ணீர் நிரம்பும்போது பொரியும் இம்முட்டைகளில் இருந்துதான். எனவே, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதோடு, வாரம் ஒருமுறை பாத்திரங்களில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஆகவே, தேங்கிய தண்ணீர் இல்லாத வீட்டில் டெங்கு இல்லை."

மேலும், அதோடு, எனினும், எனவே, ஆகவே. ஆறு வாக்கியங்களில் ஐந்து, இணைப்புச் சொல்லோடு தொடங்குகின்றன. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு மதிப்பெண் போடுபவர் இதை "நல்ல கோவை" என்று சொல்லியிருப்பார். நானும் மெய்ப்புப் பார்த்தபோது அப்படித்தான் நினைத்துக் கடந்துபோனேன்.

இப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தது ஒரு பாதி, அந்த வாக்கியம் புதிதாகத் தருவது மறுபாதி. முதல் வாக்கியத்தை முடிக்கும்போது படிப்பவர் மனதில் இருப்பது கொசு. அடுத்த வாக்கியம் அந்தக் கொசுவைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் அவர் சுலபமாகப் பின்தொடர்வார். ஆனால் அது தொட்டி, டிரம், தட்டு, உட்சுவர், நீர்மட்டம் என்று கேள்விப்படாத ஐந்து விஷயங்களை வரிசையாக அடுக்குகிறது. இவையெல்லாம் எதற்கு என்று தெரியாமல் அவர் தூக்கிச் சுமந்துகொண்டே போக வேண்டும். கடைசியில் வருகிறது "இந்தக் கொசுதான்". அதாவது தெரிந்த விஷயம், அதுவும் 'தான்' போட்டு அழுத்தி. எங்கே முட்டையிடுகிறது என்பதுதான் இந்த வாக்கியத்தின் உயிர். அதை வாசலிலேயே இறக்கிவிட்டு, வெறும் கையோடு வீட்டுக்குள் நுழைகிறது வாக்கியம்.

மூன்றாவதும் அப்படியே. 8 மாதம் என்ற புதுச் செய்தி முதலில், 'இதன் முட்டைகள்' என்ற பழைய செய்தி கடைசியில். நான்காவதில் 7 முதல் 10 நாள் முதலில், முட்டை கடைசியில். ஒவ்வொரு வாக்கியமும் தலைகீழாக நிற்கிறது. இந்தப் பிளவை எழுதியவரும் எங்கோ உணர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இணைப்புச் சொல்லை வைத்து ஒட்டியிருக்கிறார். அந்த ஒட்டும் சரியாக இல்லை. 'எனினும்' என்று சொல்ல அங்கே எந்த முரணும் கிடையாது.

உண்மையான சேதம் ஐந்தாவது வாக்கியத்தில். "உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதோடு, வாரம் ஒருமுறை பாத்திரங்களில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்." 'தேய்த்துக் கழுவுவதோடு' என்று 'ஓடு' உருபு போட்டதுமே தேய்ப்பது தெரிந்த சங்கதி ஆகிவிடுகிறது. "சம்பளத்தோடு போனஸும் கொடுத்தார்கள்" என்றால் செய்தி போனஸ்தான், சம்பளம் வழக்கமானது. அதே போல் இங்கே கொட்டுவது செய்தி, தேய்ப்பது ஓரத்தில் நிற்கும் பேச்சு. தலைப்பும் தண்ணீர், கடைசி வாக்கியமும் தண்ணீர். நடுவில் ஒரே ஒரு இடத்தில், அதுவும் ஓரத்தில், சுவர். அந்த அம்மா சரியாகத்தான் படித்திருக்கிறார். வாக்கியம் எதை முக்கியம் என்று காட்டியதோ அதை எடுத்துக்கொண்டார்.

தமிழில் புதியது எங்கே உட்காரும்

பழையது முதலில், புதியது கடைசியில் என்ற விதியை எழுத்துப் பயிற்சி தருபவர்கள் ஆங்கிலத்தை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். தமிழில் கடைசியில் வருவது வினைமுற்று. பல வாக்கியங்களில் அந்த வினை முற்றிலும் சாதாரணமானது: இருக்கிறது, வந்தது, ஆகும், செய்தார். ஆகவே கடைசிச் சொல்லைப் பார்த்து "இதுதான் புதியது" என்று சொன்னால் ஏமாந்துபோவோம். தமிழில் புதியதற்குரிய இருக்கை பெரும்பாலும் வினைக்கு உடனே முன்னால் இருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். "நேற்று யார் வந்தது?" என்று கேட்டால், "நேற்று மாமா வந்தார்" என்போம். "மாமா எப்போது வந்தார்?" என்றால், "மாமா நேற்று வந்தார்". கேட்டவருக்குத் தெரிந்தது முன்னால் போகிறது, அவருக்குத் தெரியாதது வினையை ஒட்டி நிற்கிறது. கேள்விச் சொல்லும் அதே இடத்தில்தான் நின்றது என்பதைக் கவனியுங்கள். பேசும்போது இந்த இடத்தை நாம் அநேகமாகத் தவறவிடுவதில்லை. தவறினாலும் குரலில் அழுத்தம் கொடுத்துச் சரிசெய்துகொள்வோம். எழுத்தில் குரல் இல்லை, இடம் மட்டும்தான்.

இதில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. பழைய செய்தி செயப்படுபொருளாக இருந்தாலும் அதை முன்னால் கொண்டுபோகச் செயப்பாட்டுவினை தேவையில்லை. 'ஐ' உருபு இருப்பதால் பொருள் குழம்பாது. "முட்டையைத் தண்ணீர் தொட்டால்" என்று எழுதலாம். "முட்டையானது தண்ணீரால் தொடப்பட்டால்" என்று எழுதவே வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு என்பதால், பழையதை முன்னால் வைக்கச் செயப்பாட்டு வாக்கியம் எழுதுகிறார்கள். அதற்கான காரணம் தெரியாமல் வடிவத்தை மட்டும் மொழிபெயர்ப்பதால்தான் நம் அறிவிப்புகளில் இவ்வளவு 'படுகிறது' நிரம்பிக் கிடக்கிறது என்பது என் கணிப்பு.

திருத்தியது

முதலில் செய்திகளை மட்டும் தனித்தனிச் சீட்டில் எழுதினேன். கொசு, முட்டையிடும் இடம், முட்டை காய்ந்தும் பிழைப்பது, தண்ணீர் பட்டால் பொரிவது, நாள் கணக்கு, செய்ய வேண்டியது. அப்புறம் ஒவ்வொரு சீட்டும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்டேன். முந்தைய வாக்கியத்தைப் படித்தவர் இயல்பாகக் கேட்கும் கேள்விக்கு அடுத்த வாக்கியம் பதில் சொல்ல வேண்டும். கேள்வியில் இருக்கும் சொல் முன்னால், பதில் வினையை ஒட்டி. வந்தது இது:

"டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு. இந்தக் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கிறது. சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீரைக் கொட்டினாலும் போகாது. காய்ந்தபடியே 8 மாதம் வரை உயிரோடு இருக்கும். காய்ந்து கிடக்கும் இந்த முட்டையை மறுபடி தண்ணீர் தொட்டால், பொரிந்து புழு வெளியே வரும். அந்தப் புழு வளர்ந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். அந்த நாள் கணக்கு முடிவதற்குள், வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டும்போதே, தொட்டியின் உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்."

ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் அடுத்ததன் தலையாக வருகிறது: கொசு, சுவரில் ஒட்டுவது, காய்ந்து இருப்பது, புழு, நாள். செக் மொழியியலாளர் பிரந்திஷேக் தானெஷ் 1974-இல் இதைத் தொடர்நேர் ஓட்டம் என்ற பொருளில் வகைப்படுத்தினார். ஒரே எழுவாயைக் கடைசி வரை வைத்துக்கொண்டு புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டே போவது, ஒரு பெரிய தலைப்பில் இருந்து கிளை கிளையாகப் பிரிவது ஆகியவையும் அவர் சொன்ன வகைகளில் அடங்கும். காரணமும் விளைவும் சங்கிலியாக வரும் இடத்துக்கு முதல் வகையே பொருத்தம். கொசுவின் வளர்ச்சி அப்படிப்பட்ட சங்கிலிதான்.

இப்போது 'எனவே' இல்லாமலே கடைசி வாக்கியம் முடிவுரையாக விழுகிறது. தண்ணீரைக் கொட்டுவது 'கொட்டும்போதே' என்று எச்சத்துக்குள் போய்விட்டது, ஏனென்றால் அதை எல்லோரும் ஏற்கெனவே செய்கிறார்கள். தேய்ப்பது வினைமுற்றாக வந்து நிற்கிறது. அச்சான பத்தியில் இருந்த இடத்துக்கு நேர் எதிர். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்திருந்தாலே பாதிக் காரியம் முடிந்திருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இணைப்பு முழுவதும் காணாமல் போய்விடவில்லை. 'கொட்டினாலும்', 'தொட்டால்', 'முடிவதற்குள்' ஆகியவற்றில் முரணும் நிபந்தனையும் காலமும் இருக்கின்றன. தமிழ் இவற்றை வினையிலேயே ஏற்றிவைக்கும் மொழி. பாட்டி கதை சொல்லும் விதத்தை நினைத்துப் பாருங்கள்: "ராஜா காட்டுக்குப் போனான். போனா, அங்க ஒரு கிணறு. கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்தா, ஒரு பெட்டி. பெட்டியத் திறந்தா, உள்ள ஒரு கிளி." முடிந்த செயலையோ பொருளையோ ஓர் எச்சத்தில் திரும்பச் சொல்லி, அதன் தோளில் புதியதை ஏற்றுகிறார். 'மேலும்' என்றோ 'பின்னர்' என்றோ எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

'கூறியது கூறல்' என்ற பயம்

திருத்திய பத்தியைப் பார்த்த ஒரு நண்பர், "முட்டை, முட்டைன்னு எத்தனை தடவை? கூறியது கூறல் குற்றம் இல்லையா?" என்று கேட்டார். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் அது ஒன்று என்பது சரிதான். ஆனால் அங்கே குற்றம், சொன்ன கருத்தையே பயனில்லாமல் திரும்பச் சொல்வது. ஒரு புதுக் கருத்தைத் தாங்குவதற்காகப் பழைய சொல்லை எடுப்பது அதில் சேராது என்றே நினைக்கிறேன். இந்தப் பயத்தில்தான் நாம் முதல் வாக்கியத்தில் கொசு, அடுத்ததில் 'இப்பூச்சி', அதற்கடுத்ததில் 'இந்நோய்க்கடத்தி' என்று பெயர் மாற்றிக்கொண்டே போகிறோம். படிப்பவர் ஒவ்வொரு முறையும் நின்று, இது அதேதானா, வேறொன்றா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பழைய செய்தியின் வேலையே பழையதாகத் தெரிவதுதான். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் அது அந்த வேலையைச் செய்யாது.

'இது', 'இதனால்' என்று தனியாகச் சுட்டுவதிலும் இதே ஆபத்து. நான்கு விஷயம் சொன்ன பிறகு 'இதனால்' என்றால் எதனால்? 'அந்த நாள் கணக்கு' என்று ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துவிட்டால் கை சரியான இடத்தைக் காட்டுகிறது.

பிரிட்ஜ் தட்டில் சறுக்கியது

திருத்திய பிரதியை அச்சுக்குக் கொடுக்கும் முன், களப்பணியாளர்களோடு போய்ச் சிலரைப் படிக்கச் சொல்லி, தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "என்ன போட்டிருக்கு, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டோம். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். திரும்பச் சொல்லச் சொன்னால்தான் எது தங்கியது என்பது வெளியே வரும். இந்த முறை "தண்ணிய ஊத்திட்டாலும் முட்டை ஒட்டிக்கிட்டு இருக்குமாமே" என்று ஒருவர் தொடங்கினார். "அப்போ டிரம்மை உள்ளுக்குள்ள பிரஷ் போட்டுத்தான் தேய்க்கணும்" என்று பக்கத்தில் இருந்தவர் முடித்தார். எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் பத்தியின் கீழே நான் சேர்த்திருந்த ஒரு வரி சொதப்பியது. "பிரிட்ஜின் பின்தட்டை மறக்காதீர்கள்" என்று எழுதியிருந்தேன். படித்த மூன்று பேரும் அந்த இடத்தில் நின்றார்கள். "எந்தத் தட்டு?" பல பிரிட்ஜ்களில் பின்புறம், கம்ப்ரசருக்கு மேலே, உள்ளே உருகும் தண்ணீர் வந்து சேர ஒரு சின்னத் தட்டு இருக்கும். பிரிட்ஜை நகர்த்திப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். 'மறக்காதீர்கள்' என்பது, ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நினைவுபடுத்தும் சொல். தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டேன்.

இதற்கு ஒரு பழைய சோதனையும் உண்டு. சூசன் ஹாவிலண்ட், ஹெர்பர்ட் கிளார்க் இருவரும் 1974-இல் வாக்கிய ஜோடிகளைப் படிக்கக் கொடுத்து, இரண்டாவது வாக்கியம் புரிய ஆகும் நேரத்தை அளந்தார்கள். கார் டிக்கியில் இருந்து பீர் எடுத்ததாக ஒரு வாக்கியம், அடுத்து அந்த பீர் சூடாக இருந்தது என்று ஒரு வாக்கியம். இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். பிக்னிக் சாமான்களைச் சரிபார்த்ததாகச் சொல்லிவிட்டு, பீர் சூடாக இருந்தது என்றபோது கூடுதல் நேரம் ஆனது. சாமான்களில் பீரும் இருந்திருக்கும் என்று படித்தவரே ஒரு பாலம் கட்ட வேண்டியிருந்தது. இன்னொரு ஜோடி இன்னும் முக்கியமானது. ஒருவருக்கு பீர் ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, பீர் சூடாக இருந்தது என்றாலும் அதே தாமதம்தான். பீர் என்ற சொல் முன்பே வந்துவிட்டது, ஆனால் ஒரு குறிப்பிட்ட பீர் அங்கே இருப்பதாக யாரும் சொல்லவில்லை. சொல் திரும்ப வந்தால் மட்டும் போதாது, பொருள் படிப்பவர் முன்னால் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

டிரம்மில் இருந்து உட்சுவருக்கு யாரும் தடுமாறவில்லை, ஏனென்றால் டிரம் என்றாலே சுவர் உண்டு. பிரிட்ஜில் இருந்து பின்தட்டுக்கு அந்தப் பாலம் இல்லை. ஆகவே முதலில் தட்டை அறிமுகப்படுத்தினேன்: "பிரிட்ஜுக்குப் பின்னால், அடிப்பக்கம், ஒரு சின்னத் தட்டு இருக்கும். அந்தத் தட்டில் சேரும் தண்ணீரிலும் கொசு வளரும்." 'ஒரு' போட்டு, 'இருக்கும்' என்று முடியும் வாக்கியம் வெறும் அறிமுகம்தான். அடுத்த வாக்கியத்தில் 'அந்த' என்றதும் அது பழைய செய்தியாகிவிடுகிறது. கதைகள் "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான்" என்று தொடங்குவதும் இதற்குத்தான்.

சங்கிலி மட்டும் இருந்தால்

வாலையும் தலையையும் இணைப்பதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொண்டால் வேறு விபத்து நடக்கும். "என் தம்பி மதுரையில் இருக்கிறான். மதுரைக்கு மல்லிகை பேர்போனது. மல்லிகையை வாழைநாரில் தொடுப்பார்கள். வாழைநாரில் இப்போது கைப்பையும் செய்கிறார்கள்." ஒவ்வொரு இணைப்பும் பழுதில்லாதது. தம்பி எங்கே போனான் என்பதுதான் தெரியவில்லை. வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பது ஓட்டம். எல்லாம் சேர்ந்து ஒரு கேள்விக்குப் பதிலாவது வேறு விஷயம். அபிராமி அந்தாதியில் முதல் பாடல் 'துணையே' என்று முடிய, அடுத்தது 'துணையும்' என்று தொடங்குகிறது. அந்தச் சொல் மணிகளைக் கோக்கும் நூல். நூறு பாடல்களையும் ஒன்றாக்குவது அதற்கும் அப்பால், யாரை நோக்கிப் பாடுகிறார் என்பது.

கொசுப் பத்தியில் அப்படி மேலே நிற்கும் கேள்வி, தண்ணீரைக் கொட்டிய பிறகும் ஏன் கொசு வருகிறது என்பது. அதை எழுதிப் பார்த்தபோதுதான் தலைப்பு எவ்வளவு தப்பு என்று உறைத்தது. "தண்ணீர் தேங்க விடாதீர்கள்" என்ற தலைப்பைப் படித்துவிட்டு வருபவருக்குத் தண்ணீர்தான் பழைய செய்தி. கீழே வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் தண்ணீரைப் பற்றியதாகவே படிப்பார், சுவர் கண்ணில் பட்டாலும் கைநழுவும். தலைப்பை "தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது" என்று மாற்றினோம். எல்லோருக்கும் தெரிந்த கொட்டுவதில் தொடங்கி, அது போதாது என்ற புதுச் செய்தியில் முடிகிறது. வேறென்ன வேண்டும் என்ற கேள்வியோடு கண் கீழே இறங்கும்.

இரண்டாவது அச்சில் அந்தத் தலைப்புதான் போனது. பழைய தலைப்போடு அடித்த சுவரொட்டிகள் மீதம் இருந்தன. அவற்றில் பத்தி கிடையாது, தலைப்பும் படமும் மட்டும்தான். படத்தில் ஒருவர் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். அவற்றையும் ஒட்டலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.